ஓரகத்திக்கு ஒரு செய்தி எழுதுவதற்கு முன்

கூட்டுக் குடும்பத்தில் சமையலறைச் சண்டை என்றால் யாருக்கு வேலை அதிகம் என்ற சண்டை என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். என் கணவரின் அண்ணி, அதாவது என் ஓரகத்தி, அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கும் எனக்கும் ஏறக்குறைய நான்கு மாதம் முகம் கொடுத்துப் பேச்சில்லாமல் போனது இட்லி மாவினால். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். அந்த நான்கு மாதத்தில் எங்களுக்கு ஏறக்குறைய 14,000 ரூபாய் வீணானது என்று சொன்னால் சிரிப்பு நின்றுவிடுகிறது. எனக்கு யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்கக் கூடாதா என்று பலமுறை தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

மாமனாருக்கு இதய சிகிச்சை முடிந்த பிறகு நாங்கள் தனிக்குடித்தனத்தை விட்டு அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். மாமனார், மாமியார், மூத்தவர், அக்கா, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், நாங்கள் இருவர், எங்கள் மகள். மொத்தம் ஒன்பது பேர். நான் வேலைக்குப் போகிறவள், காலை 7.50-க்கு வீட்டை விட்டு இறங்க வேண்டும். அக்கா வீட்டிலேயே தையல் இயந்திரம் போட்டு ரவிக்கை தைத்துக் கொடுக்கிறார். யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யாமலே ஒரு ஏற்பாடு வந்துவிட்டது. காலைச் சிற்றுண்டியும் ஐந்து மதிய டப்பாக்களும் என்னுடையவை. நான் கிளம்பியதிலிருந்து இரவுச் சாப்பாடு வரை அக்காவுடையது. பார்க்க நியாயமாகத்தான் இருந்தது.

பிறகுதான் இந்த ஏற்பாட்டுக்குள் இருந்த கோளாறு தெரிந்தது. நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் சமையலறையில் நிற்பதே இல்லை. நான் காலையில் என்ன செய்கிறேன் என்று அவர் பார்ப்பதில்லை, பகலில் அவர் என்ன செய்கிறார் என்று நான் பார்ப்பதில்லை. எனக்குக் கண்ணில் படுவதெல்லாம் அவர் விட்டுப் போன மிச்சம்தான்: காலியான மாவுப் பாத்திரம், சிங்கில் ஊறும் குக்கர், தீர்ந்துபோன கறிவேப்பிலை. அவருக்கும் அப்படியே. நான் அடுப்பில் விட்டுப் போன எண்ணெய்த் தெறிப்பும், அடிப்பிடித்த தாளிப்புக் கரண்டியும்தான் அவர் கண்ணுக்கு நான். வேலையைப் பார்க்காமல் மிச்சத்தை மட்டும் பார்க்கிறவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் நல்லபடியாக நினைக்க வாய்ப்பில்லை. உங்கள் வீட்டிலும் ஆளுக்கொரு நேரம் என்று பிரித்திருந்தால், முதலில் இதைத்தான் யோசித்துப் பாருங்கள்: உங்களுக்குக் கோபம் வருவது அவர் செய்யாத வேலையைப் பார்த்தா, அல்லது அவர் விட்டுப்போன மிச்சத்தைப் பார்த்தா?

மாவு விஷயத்துக்கு வருகிறேன். ‘மாவு ஆட்டுவது’ என்று எல்லோரும் ஒரே வேலையாகச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டு இரண்டு லிட்டர் கிரைண்டரில் நான்கு டம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து போட்டால் ஒன்பது பேருக்கு இரண்டு காலைகள் தாங்கும். அரிசியை மதியமே களைந்து ஊறப் போட வேண்டும், குறைந்தது நான்கு மணி நேரமாவது ஊற வேண்டும். சாயங்காலம் முதலில் உளுந்து, ஏறக்குறைய அரை மணி நேரம், இடையிடையே தண்ணீர் தெளித்துக்கொண்டு. பிறகு அரிசி, அதுவும் அவ்வளவு நேரம். அப்புறம் உப்புப் போட்டுக் கலந்து, பொங்கினால் வழியாத அளவுக்குப் பாதிதான் நிரம்பும்படி பெரிய பாத்திரத்தில் ஊற்றி வைக்க வேண்டும். கடைசியாகக் கிரைண்டரைக் கழுவ வேண்டும். அதை உடனே கழுவாவிட்டால் மாவு காய்ந்து கல்லில் ஒட்டிக்கொள்ளும், மறுநாள் இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். ராத்திரி முழுவதும் புளித்தால்தான் காலையில் இட்லி. ஆக, மதியம் ஒரு வேலை, சாயங்காலம் ஒரு வேலை, இரவு ஒரு வேலை. ஊறப் போடுவது அக்காவின் நேரத்தில் விழுகிறது, ஆட்டுவது யாருடைய நேரம் என்று தெளிவாக இல்லை, கழுவுவது யாருடையதும் இல்லை. ஆனால் மாவு இல்லாததன் விளைவு மட்டும் காலை ஐந்து மணிக்கு என் தலையில் விடிகிறது.

முதல் இரண்டு மாதங்கள் அக்காவே எல்லாவற்றையும் செய்தார். பிறகு முகூர்த்த மாதம் வந்தது, தையல் குவிந்தது, சில நாட்கள் மாவு இல்லை. காலையில் எழுந்து பாத்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டு அவசரமாக உப்புமா கிளறுவேன். பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள், டப்பாவுக்குத் தனியாக ஏதாவது செய்ய வேண்டும், பஸ் போய்விடும். எங்கள் அலுவலகத்தில் மூன்று தாமதத்துக்கு அரை நாள் சம்பளம் பிடிப்பார்கள். அந்தக் காலகட்டத்தில் எனக்குச் சம்பளத்தில் மட்டும் 5,400 ரூபாய் போனது. அந்தப் பணத்தைவிட, பாத்திரத்தின் மூடியைத் திறக்கும்போது வருகிற பயம்தான் என்னைத் தின்றது. இரவு படுக்கும்போதே நாளைக்கு மாவு இருக்குமா என்ற யோசனை வந்துவிடும். எழுந்து போய்ப் பார்க்கவும் கௌரவம் இடம் கொடுக்காது.

ஒருநாள் இரவு கணவரிடம் இதைச் சொன்னேன். ‘மாவு இருக்கிறதா இல்லையா என்று முந்தைய நாளே தெரிந்தால் போதும்’ என்பதுதான் நான் சொன்னது. அவர் மறுநாள் கடையில் அண்ணனிடம், ‘காலையில் அவளுக்குக் கஷ்டமாக இருக்கிறதாம்’ என்றிருக்கிறார். மூத்தவர் வீட்டுக்கு வந்து அக்காவிடம், ‘நீ வீட்டில்தானே இருக்கிறாய், மாவு கூட ஆட்டி வைக்கக் கூடாதா’ என்று கேட்டிருக்கிறார். மூன்று வாய் மாறியதில் என் கோரிக்கை அவருக்கு வசவாகப் போய்ச் சேர்ந்தது. அதுவும் அவர் கணவரின் வாயால். அன்றிலிருந்து அக்கா, இரவில் எனக்காக நறுக்கி வைக்கும் காயையும் நிறுத்திவிட்டார். காரணம் தெரியாமல் நான் பல நாள் புழுங்கினேன். ஆண்கள் கெட்ட எண்ணத்தில் திரித்துச் சொல்வதில்லை. சமையலறைக்குள் வேலை செய்யாதவருக்கு அதிலுள்ள நுணுக்கம் நினைவில் நிற்காது, சாரத்தை மட்டும் சொல்வார், அந்தச் சாரம் எப்போதும் குற்றச்சாட்டாகவே இருக்கும். அதனால் கணவரைத் தூது அனுப்பாதீர்கள். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அனுப்பாதீர்கள்.

மாமியாரிடம் சொல்வது இன்னொரு வழி. அத்தை பொதுவாக நியாயமானவர். ஆனால் இரண்டு மருமகள்களுக்கு நடுவில் தீர்ப்புச் சொன்னால் ஒருத்தியை இழக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ‘எங்கள் காலத்தில் ஆட்டுக்கல்லில் ஆட்டினோம்’ என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். எனக்கு அப்போது கோபம் வந்தது. இப்போது யோசித்தால், அவர் ஒரு பக்கம் பேசாமல் இருந்ததே பின்னால் எங்களைக் காப்பாற்றியது என்று தோன்றுகிறது.

அடுத்து எங்கள் அறையிலேயே ஒரு மின்சார அடுப்பு வாங்கி வைத்தோம். அடுப்பு 2,600, அதற்கேற்ற அடிதட்டையான பாத்திரங்கள் 1,700. அறையில் இருந்தது சாதாரண 6 ஆம்பியர் பிளக் பாயின்ட். இந்த அடுப்பு முழு வேகத்தில் 1,800 வாட்டுக்கு மேல் இழுக்கும், 6 ஆம்பியர் அதைத் தாங்காது. பிளக் சூடாகி நாற்றம் வந்த பிறகு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு 16 ஆம்பியருக்குத் தனி லைன் இழுக்க 1,400. பாக்கெட் மாவும் அலுவலகக் கேன்டீன் சிற்றுண்டியும் சேர்ந்து 3,000 வரை. பணம் ஒரு பக்கம் கிடக்கட்டும். என் மகள் கூடத்தில் எல்லோர் முன்னாலும் ‘எங்கள் ரூமில் தனி தோசை’ என்று சொன்ன அன்று மாமனார் சாப்பிடாமல் கையைக் கழுவிவிட்டார். அவர் உடம்பைப் பார்த்துக்கொள்ளத்தான் நாங்கள் அந்த வீட்டுக்கே வந்தோம். அடுப்பைப் பிரித்தால் சண்டை தீரும் என்று நினைப்பவர்கள், அதை ஒரு வீட்டுக்குள்ளேயே மறைவாகச் செய்யாதீர்கள். பிரிவதென்றால் மளிகை, சிலிண்டர், குடும்ப அட்டை, மாமனார் மாமியாருக்கு யார் சமைப்பது என்பது வரை வெளிப்படையாகப் பேசிப் பிரியுங்கள். பாதி பிரிந்த அடுப்பு இரண்டு பக்கமும் சந்தேகத்தைத்தான் வளர்க்கும்.

கடைசியில் அக்காவுக்கே நேராக எழுதுவது என்று முடிவு செய்தேன். நேரில் பேசலாமே என்பீர்கள். நேரில் பேச ஆரம்பித்தால் எனக்குத் தொண்டை அடைத்து அழுகை வந்துவிடும், அழுதால் விஷயம் மாறிவிடும். குரல் பதிவும் வேண்டாம் என்று தோன்றியது. குரலில் நம்மையறியாமல் எரிச்சல் ஏறும், பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கேட்கும். எழுத்தை அவர் தனியாக, தன் நேரத்தில், இரண்டு முறை படிக்க முடியும். ஆனால் எழுத்துக்கு ஒரு ஆபத்து உண்டு, அது அப்படியே இன்னொருவர் கைக்குப் போகும். அதனால் மாமியாரும் மூத்தவரும் படித்தாலும் எனக்குக் கூச்சம் வராத வரிகளை மட்டுமே வைப்பது என்று தீர்மானித்தேன். குடும்பக் குழுவில் எழுதுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. நாலு பேர் முன்னால் கேட்கப்பட்டால் யாரும் தன் தரப்பைக் காக்கத்தான் பார்ப்பார்.

முதலில் எழுதிய வடிவம் நீளமாக இருந்தது. காய் நறுக்காமல் விட்டது, அத்தை சொன்னது, என் அம்மா வீட்டில் எப்படி என்பது எல்லாம் அதில் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்தேன். ‘எப்போதும்’, ‘ஒருநாளும்’ என்ற சொற்களை எடுத்தேன். யாராவது ‘நீங்கள் ஒருநாளும் செய்வதில்லை’ என்றால் நாம் உடனே செய்த ஒரு நாளைத்தான் நினைவுக்குக் கொண்டுவருவோம், பேச்சு அந்த நாளைப் பற்றியதாகிவிடும். எல்லாம் போக மாவு மட்டும் மிஞ்சியது. அனுப்பியது இதுதான்:

“அக்கா, மாவு விஷயமாக உங்களிடம் மட்டும் ஒன்று கேட்க வேண்டும், அதனால் தனியாக எழுதுகிறேன். இப்படி எழுதுவது வேறு யாருக்கும் தெரியாது. காலையில் மாவு இல்லை என்று எழுந்த பிறகு தெரிந்தால், ஐந்து டப்பாவும் கட்டி 7.50-க்குக் கிளம்ப என்னால் முடியவில்லை. தாமதத்துக்குச் சம்பளம் பிடிக்கிறார்கள். நீங்கள் மதியச் சமையல், மாமாவுக்குப் பதினோரு மணிக் கஞ்சி, சிலிண்டர், வருகிறவர் போகிறவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு தையலும் தைக்கிறீர்கள். அதனால் ஆட்டுவதை உங்களிடம் கேட்கவில்லை. ஞாயிறு, செவ்வாய், வியாழன் மதியம் ஒரு மணிக்கு அரிசியும் உளுந்தும் ஊறப் போட்டு வைத்தால், ஆறரைக்கு நான் வந்து ஆட்டிக் கிரைண்டரையும் கழுவி வைத்துவிடுகிறேன். ஊறப் போட முடியாத நாளில் ஒரு வரி அனுப்பினால் போதும், நான் வரும்போது மாவு வாங்கி வருகிறேன். இது ஒத்துவராது என்றால் எது ஒத்துவரும் என்று சொல்லுங்கள். என்னால் உங்களுக்கு எந்த வேலை கூடுகிறது என்பதையும் சொல்லுங்கள். சனிக்கிழமை மதியம் பேசலாமா?”

இதில் சில விஷயங்களை வேண்டுமென்றே வைத்தேன். அவர் வேலையைப் பொதுவாகப் புகழாமல் பெயர் சொல்லிக் குறிப்பிட்டேன். ‘நீங்கள் எவ்வளவோ செய்கிறீர்கள்’ என்றால் அது ஐஸ் வைப்பதாகப் படும். பதினோரு மணிக் கஞ்சி என்று எழுதினால் அதைக் கவனித்திருக்கிறேன் என்று தெரியும். கேட்டது ஒரே ஒரு வேலை, அதற்கு நாளும் நேரமும் உண்டு. முடியாத நாளுக்கு வழியும் அதிலேயே இருக்கிறது. அந்த வழி இல்லாவிட்டால் முதல் முறை தவறும்போதே எல்லாம் உடைந்துவிடும். அனுப்பிய நேரத்தையும் யோசித்தேன். இரவு பத்து மணிக்கு அனுப்பினால் களைப்பில் படித்துவிட்டுத் தூங்காமல் கிடப்பார். மதியச் சாப்பாடு முடிந்து அவர் இயந்திரத்தில் உட்காரும் மூன்று மணிக்கு, என் அலுவலக இடைவேளையில் அனுப்பினேன்.

படித்ததற்கான அடையாளம் உடனே வந்தது. பதில் வரவில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போக எனக்குக் கால் வரவில்லை என்பதுதான் உண்மை. இரவும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. இந்த இடத்தில் இன்னொரு செய்தி அனுப்பத் தோன்றும்: ‘தப்பாக நினைக்காதீர்கள் அக்கா’ என்று. அனுப்பாதீர்கள். அது முதல் செய்தியையே சந்தேகத்துக்குரியதாக்கிவிடும்.

மறுநாள் மதியம் பதில் வந்தது. ‘அரிசியை ஒரு மணிக்குப் போடுகிறேன். உளுந்தை அப்போதே போட்டால் பொங்காது, நாலரைக்குப் போடுகிறேன். உன் டப்பாக்கள்தான் எனக்குப் பிரச்சினை.’ அவ்வளவுதான். அந்த உளுந்துத் திருத்தத்தைப் படித்தபோதே எனக்கு மூச்சு வந்தது. செய்ய மனமில்லாதவர் எப்போது ஊறப் போட வேண்டும் என்று திருத்த மாட்டார்.

சனிக்கிழமை பேசினோம். டப்பா விஷயம் எனக்குத் துளியும் தெரியாதது. நாங்கள் ஐந்து பேரும் சாயங்காலம் டப்பாவைப் பையிலேயே விட்டுவிடுவோம். இரவு எல்லாப் பாத்திரமும் கழுவி, சிங்கைத் துடைத்து அவர் நிமிரும்போது, யாராவது ஒருவர் நினைவு வந்து டப்பாவைக் கொண்டுவந்து போடுவார். திறந்தால் புளித்த நாற்றம். ஒவ்வொரு நாளும் முடித்த வேலையை அவர் மறுபடி ஆரம்பித்திருக்கிறார். இன்னொன்றும் சொன்னார்: இரவு எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்று யாரும் அவரிடம் சொல்வதில்லை, சோறு மிஞ்சினால் வீணாக்குகிறார் என்ற பெயர், குறைந்தால் கஞ்சம் என்ற பெயர். மூத்தவர் சொன்ன அந்த ‘வீட்டில்தானே இருக்கிறாய்’ என்ற வாக்கியத்தையும் அப்போதுதான் என்னிடம் சொன்னார். நான் கணவரிடம் சொன்னது என்ன என்பதை வார்த்தை மாறாமல் சொன்னேன். நம்பினாரா என்று தெரியாது, தலையை ஆட்டினார்.

அன்று நாங்கள் வேலைகளைப் பிரிக்கவில்லை, சமையலறையை ஒருவர் மற்றவரிடம் விடும்போது அது எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று மட்டும் பேசினோம். நான் காலையில் கிளம்பும்போது அடுப்பு மேடை துடைத்திருக்க வேண்டும், அடிப்பிடித்த பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டும், ஏதாவது தீர்ந்திருந்தால் குளிர்பெட்டிக் கதவில் மாட்டிய நோட்டில் எழுதியிருக்க வேண்டும். இரவு அவர் முடிக்கும்போது சிங்க் காலியாக இருக்க வேண்டும், மாவு இருந்தால் பாத்திரம் மேடையில், இல்லாவிட்டால் அதே நோட்டில் ஒரு வரி. டப்பாக்கள் ஏழு மணிக்குள் சிங்குக்கு வர வேண்டும், வராத டப்பாவை அவரவரே கழுவிக்கொள்ள வேண்டும். யார் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று கணக்குப் பார்த்தால் முடிவே வராது, இரண்டு பக்கமும் கணக்கு அதிகமாகத்தான் வரும். மேடை துடைத்திருக்கிறதா இல்லையா என்பதில் வாதத்துக்கு இடமில்லை.

பேசி முடிக்கும்போது அக்கா ஒன்று கேட்டார்: ‘நீயும் நானும் இவ்வளவு பிரிக்கிறோமே, ஆண்கள் மூன்று பேர்?’ மத்திய அரசு 2019-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள், ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். எங்கள் வீட்டில் அந்த 97-க்கும் பஞ்சம்தான். கிரைண்டர் கழுவுவதைக் கணவரிடம் விட்டேன். கல்லைத் தூக்கிக் கழுவ ஆண்பிள்ளைக்கு என்ன கஷ்டம் என்று அத்தையே சொன்னது எனக்கு ஆச்சரியம். மூத்தவர் சிலிண்டர் பதிவு செய்வதை எடுத்துக்கொண்டார், அதையும் பாதி நாள் அக்காதான் நினைவுபடுத்துகிறார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மாவு இப்போது தவறுவதில்லை, தவறினால் முந்தைய இரவே தெரிகிறது. மழைக் காலத்தில் புளிக்காமல் போனால் யாரும் யாரையும் குறை சொல்வதில்லை. டப்பா விதியை முதலில் மீறியது மூத்தவரின் மகன், இரண்டு நாள் நாற்றத்தைக் கண்ட பிறகு அவனே கழுவிக்கொள்கிறான். இரவு எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை. ஆறு மணிக்குள் சொல்ல வேண்டும் என்று நோட்டில் எழுதிப் பார்த்தோம், ஆண்கள் அந்த நோட்டைப் பார்ப்பதே இல்லை. இப்போது அக்கா சொல்லாதவர்களுக்கு அரிசி போடுவதில்லை. போன வாரம் என் கணவர் இரவு ஒன்பதரைக்கு வந்து அவரே தோசை வார்த்துச் சாப்பிட்டார். மாவு இருந்தது.